பாட்டிலில் குறைந்த 600 ரூபாய்

பொங்கலுக்கு மாமா கொடுக்கும் நூறு ரூபாய், திருவிழாவுக்கு வந்த சித்தப்பா கையில் திணித்துவிட்டுப் போகும் இருநூறு ரூபாய்... இவையெல்லாம் எங்கே போகின்றன என்று எந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ``அம்மா பத்திரமா வெச்சிருக்காங்க.'' அந்தப் பத்திரமான இடம் எது என்பதுதான் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. கேஸ் சிலிண்டருக்கோ, பால் பாக்கிக்கோ அது எப்போதோ போயிருக்கும்.

பாளையங்கோட்டையில் உள்ள அந்த வீட்டிலும் அப்படித்தான். அப்பா சின்னதாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். அம்மா ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். கூடவே அப்பாவைப் பெற்ற ஆச்சி. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரே மகள். மாதக் கடைசியில் கையைக் கடித்தாலும், மகள் கேட்டு இல்லை என்று சொன்னதில்லை. ``பென்சில் வாங்கணும்'', ``ஃப்ரெண்டுக்குப் பொறந்தநாள்'', ``பசிக்குது, பப்ஸ் வாங்கிக்கிடுதேன்'' என்று அவள் கேட்க, பத்து, இருபது, ஐம்பது என்று கை நீளும்.

கணக்கு எழுதும் அம்மாவுக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. மகளிடம் எதுவும் சொல்லாமல், ஆகஸ்ட் மாதம் முழுக்கக் கொடுத்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினார். அப்பா கொடுத்ததையும் இரவில் கேட்டுச் சேர்த்துக்கொண்டார். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 1,480 ரூபாய். தின்பண்டத்துக்கு 520, பேனா, சார்ட், புராஜெக்ட் சாமான்களுக்கு 290, தோழிகளின் பிறந்தநாளுக்கு 250, கிளிப், வளையல், ஸ்டிக்கர் என்று சில்லறைச் செலவுகளுக்கு 420.

தொகையைவிட அம்மாவை உறுத்தியது வேறொன்று. இந்த 1,480 ரூபாயில் ஒரு ரூபாயைக்கூட மகள் `செலவு செய்யவில்லை'. கேட்டாள், வாங்கினாள், அவ்வளவுதான். இதை வாங்கினால் அதை வாங்க முடியாது என்று யோசிக்க வேண்டிய கட்டாயம் அவளுக்கு ஒருமுறைகூட வரவில்லை. யோசித்ததெல்லாம் அப்பாவும் அம்மாவும்தான்.

மாதக்காசு 11-ம் தேதியே காலி

செப்டம்பர் 1-ம் தேதி, மகள் கையில் 1,000 ரூபாயை மொத்தமாகக் கொடுத்தார்கள். ``இனி மாசம் பூரா இதுதான்'' என்றார் அப்பா. 11-ம் தேதி மாலை அவள் பர்ஸில் இருந்தது 15 ரூபாய். இரண்டு பிறந்தநாள், ஒரு ஹேண்ட்பேக், தினமும் ஐஸ்க்ரீம். மிச்சமிருந்த நாள்களுக்கு மறுபடியும் பத்து, இருபது என்று கொடுக்க வேண்டியதாயிற்று.

தப்பு மகள்மேல் இல்லை என்று அம்மாவுக்குப் புரிந்தது. பதினான்கு வயதில் முப்பது நாள் என்பது கண்ணுக்கெட்டாத தூரம். சம்பளம் வாங்கும் பெரியவர்களுக்கே இருபதாம் தேதிக்கு மேல் இழுபறிதானே? அதனால், வாரக்காசாக மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்டதும் 250 ரூபாய். ஏழு நாள் என்பது அவளுக்குத் தெரிந்த தூரம். புதன்கிழமையே காசு தீர்ந்தால், வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள்தான் கஷ்டம். அடுத்த ஞாயிறு திருத்திக்கொள்ளலாம். மாதக்காசில் தப்பைத் திருத்த வருடத்துக்குப் பன்னிரண்டு வாய்ப்புகள், வாரக்காசில் ஐம்பத்திரண்டு.

யார் எதற்குப் பொறுப்பு என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினார்கள். ஃபீஸ், பஸ், நோட்டு, புராஜெக்ட் சாமான், மருந்து வீட்டுச் செலவு. தின்பண்டம், தோழிகளுக்கான பரிசு, கிளிப், வளையல் அவள் செலவு. இந்தக் கோட்டைப் போடாமல் கொடுக்கும் பாக்கெட் மணி, ஏற்கெனவே கொடுப்பதற்கு மேல் இன்னொரு செலவாகத்தான் முடியும்.

இன்னொன்றிலும் அம்மா உறுதியாக இருந்தார். பணம் நோட்டாகத்தான் கொடுக்கப்பட்டது. அப்பா போனில் ஸ்கேன் செய்தால் பப்ஸ் கைக்கு வருகிறது. அப்பாவிடம் எதுவும் குறைந்ததாகப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. நூறு ரூபாய்த் தாள் கையை விட்டுப் போய், மூன்று பத்து ரூபாய்த் தாள்கள் திரும்பி வரும்போதுதான் எழுபது ரூபாய் போனது தெரிகிறது.

பேட் வாங்க எத்தனை ஞாயிறு?

தீபாவளி முடிந்த வாரம், மகள் பேட்மின்டன் ராக்கெட் கேட்டாள். பள்ளியில் இரவல் வாங்கி விளையாடிக்கொண்டிருந்தவளுக்கு, கடையில் பார்த்த 1,680 ரூபாய் பேட்டின் மேல் கண். ``நீயே வாங்கு'' என்றார் அம்மா.

மூன்று கண்ணாடி பாட்டில்களைக் கழுவிக் காயவைத்தார்கள். செலவுக்கு ஒன்று, பேட்டுக்கு ஒன்று, `பெருசா ஏதாவது' என்று எழுதி ஒட்டிய மூன்றாவது. 250 ரூபாயில் 160 முதல் பாட்டிலுக்கு, 70 இரண்டாவதற்கு, 20 மூன்றாவதற்கு. மண் உண்டியலில் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. கண்ணாடியில் ஏறுவதும் தெரியும், இறங்குவதும் தெரியும்.

அத்தை கொடுத்த தீபாவளிக் காசு 500 ரூபாய் இந்த முறை அம்மாவின் `பத்திரத்துக்கு' போகாமல், நேராக பேட் பாட்டிலுக்குப் போனது. மீதி வேண்டியது 1,180. வாரம் 70 என்றால் பதினேழு வாரம். கணக்குப் போட்டதுமே மகளின் முகம் வாடியது. நாலு மாதம் காத்திருக்கும் பொறுமை அந்த வயதுக்குக் கிடையாது; பாதி வழியில் `போங்க, எனக்கு பேட்டே வேண்டாம்' என்று விட்டுவிடுவாள். அப்பா ஒரு வழி சொன்னார். அவள் 70 ரூபாய் போடும் ஒவ்வொரு ஞாயிறும் அவர் 30 ரூபாய் போடுவார். அவள் போடாவிட்டால் அவரும் போட மாட்டார். இப்போது வாரம் 100 ரூபாய்; பன்னிரண்டே வாரம். தை பிறக்கும்போது பேட் கையில் என்ற கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு ஆன செலவு? நாலு வாரத்துக்கு 250-ம் 30-ம் சேர்த்து 1,120 ரூபாய். புராஜெக்ட் செலவு தவிர்த்து, முன்பு அவள் கேட்டுக் கேட்டு வாங்கியது 1,190. கூடுதலாக ஒரு ரூபாயும் போகவில்லை.

முதல் தடங்கல் மூன்றாவது வாரமே வந்தது. நோட்டில் செலவுப் பக்கத்தைக் கூட்டிய அம்மா திகைத்தார். 160 ரூபாய் கொடுத்த வாரத்தில் 210 ரூபாய் செலவாகியிருந்தது. அந்த ஐம்பது ரூபாய் ஆச்சியின் சுருக்குப்பையிலிருந்து வந்தது. செவ்வாய்க்கிழமையே காசைத் தீர்த்துவிட்டு பேத்தி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்ததை ஆச்சியால் பார்க்க முடியவில்லை. ``புள்ள வாடிப்போய் இருக்கா, குடுக்காம எப்படி இருப்பேன்?'' என்றார். கொடுக்க வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. ``ஞாயித்துக்கிழமை குடுங்க அத்தை. காசு தீர்ந்த அன்னிக்குக் குடுத்தா, தீர்ந்தா வரும்னு அவ படிச்சுக்கிடுவா'' என்றார். ஆச்சிக்கு அது புரிந்தது.

அந்த வியாழக்கிழமை

ஏழு வாரம் முடிந்தபோது பேட் பாட்டிலில் 1,200 ரூபாய் இருந்தது. அந்த வியாழக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தார் அப்பா. மாலைக்குள் ஓனருக்குக் கொடுக்க வேண்டும். கிளட்ச் பிளேட் கொண்டுவந்த ஆள், பழைய பாக்கி நிற்பதால் கையில் காசு தந்தால்தான் தருவேன் என்று நின்றார். அப்பா வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திறந்து 600 ரூபாயை எடுத்துக்கொண்டு போனார். சனிக்கிழமை வைத்துவிடலாம் என்று நினைத்தார். மறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பாட்டிலை எடுத்தாள். ஒருமுறை எண்ணினாள், மறுமுறை எண்ணினாள். அப்பாவிடம் கேட்டாள். ``அட, ஆமா மக்கா... நான்தான் எடுத்தேன். எங்க போயிரப் போகுது, தந்துருதேன்'' என்றார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் யாருக்கும் வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை, நோட்டுக்குத் தவிர. அந்த வாரம் 70 என்று எழுத வேண்டிய கட்டம் காலி. மூன்றாவது பாட்டிலுக்கான 20-ம் காலி. 250 ரூபாயும் செலவு. அடுத்த வாரமும் அப்படியே. எதற்கு என்று பார்த்தால், ஒரு நெயில் பாலிஷ், கூட்டமாகப் போய்ச் சாப்பிட்ட பானிபூரி, இரண்டு நாளில் அறுந்துபோன ஒரு பிரேஸ்லெட்.

``ஏன் பேட்டுக்குப் போடல?'' என்று கேட்டார் அம்மா.

``போட்டா இருக்குமா?'' என்று திருப்பிக் கேட்டாள் மகள்.

அம்மாவுக்குத் தன் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. அப்போது `சஞ்சாயிகா' என்ற சிறுசேமிப்புத் திட்டம் பள்ளியில் இருந்தது. வகுப்பு டீச்சர் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று வாங்கி அட்டையில் எழுதிக் கொடுப்பார். வருடக் கடைசியில் அட்டையில் எழுதியிருந்த தொகை அப்படியே கைக்கு வரும். அதனால்தான் அடுத்த வருடமும் போட்டார்கள். அதே அம்மா, தன் அப்பாவிடம் கொடுத்துவைத்த பொங்கல் காசு ஒருமுறையும் திரும்பி வந்ததில்லை. வீட்டில் யார் காசு கொடுத்தாலும், அவர் கைக்கு எட்டுவதற்கு முன் அதைச் செலவழித்துவிடப் பழகியதும் அதனால்தான். வைத்திருந்தால் போய்விடும் என்று தெரிந்த பிள்ளை, இருக்கும்போதே செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதை ஊதாரித்தனம் என்பார்கள்.

அன்று இரவு அம்மாவும் அப்பாவும் பேசினார்கள். ``என் காசுலதான வாரம் முப்பது போடுதேன்'' என்று முதலில் சமாளித்த அப்பா, காலியாகக் கிடந்த இரண்டு கட்டங்களைப் பார்த்ததும் பேசவில்லை. ``பிள்ள காசுன்னாலும் கடன் கடன்தாம்ல'' என்று உள்ளறையிலிருந்து ஆச்சியின் குரல் வந்தது.

அடுத்த ஞாயிறு, அப்பா 600 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். மேலே ஒரு இருபது ரூபாய். ``இது எதுக்கு?'' என்றாள் மகள். ``உன் காசை ரெண்டு வாரத்துக்கு மேல நான் வெச்சிருந்தேம்லா, அதுக்கு வட்டி'' என்றார். வட்டி என்ற சொல்லைக் கணக்குப் பாடத்தில் மட்டும் பார்த்திருந்தவளுக்கு, அது தன் கைக்கு வந்தது அன்றுதான்.

நோட்டின் முதல் பக்கத்தில் புதிதாக மூன்று வரிகள் சேர்ந்தன. அவள் காசை யார் எடுத்தாலும் முதலில் அவளிடம் கேட்க வேண்டும். அவள் இல்லை என்று சொல்லலாம். எடுத்தால் தொகையும் திருப்பித் தரும் தேதியும் எழுதி எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். வாரக்காசு ஞாயிறு காலை தாமதம் ஆகக் கூடாது. கோபத்தில் நிறுத்தவும் கூடாது. மூன்றுமே பெரியவர்களுக்கான விதிகள். பாட்டில்கள் இருந்த அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி மகளிடம்.

அதன்பிறகு ஒரு வாரமும் கட்டம் காலியாக இருக்கவில்லை. ஐந்து ஞாயிறுகளில் 500 ரூபாய் சேர, மொத்தம் 1,720. பன்னிரண்டு வாரத்தில் முடிய வேண்டியது பதினான்கு வாரத்தில் முடிந்தது. கடைக்குப் போனவள், 1,680 ரூபாய் பேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பக்கத்திலிருந்த 1,450 ரூபாய் பேட்டையும் எடுத்து வீசிப் பார்த்தாள். கடைக்காரரிடம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். கடைசியில் வாங்கியது 1,450 ரூபாய் பேட். அப்பா காசு என்றால், விலை கூடியதே நல்லது என்று முதல் பேட்டோடு வந்திருப்பாள்.

ஆயிரம் ரூபாய்க்கு வட்டி எழுபத்தொன்றா?

பேட் பாட்டிலில் மிச்சம் 270. மூன்றாவது பாட்டிலில் பன்னிரண்டு வாரத்தின் 20 ரூபாய்கள், 240. இடையில் வந்த பொங்கல் காசு 500. எல்லாம் சேர்ந்து 1,010 ரூபாய். இதை என்ன செய்வது?

ஷேரில் போடலாம் என்றார் மாமா. மியூச்சுவல் ஃபண்டில் குழந்தை பெயரில் முதலீடு செய்ய முடியும் என்பது உண்மைதான். ஆனால், 18 வயது ஆகும்வரை அதைக் கார்டியனாக இருக்கும் அப்பாவோ அம்மாவோதான் இயக்க முடியும். 18 ஆனதும் கே.ஒய்.சி கொடுத்துப் பெரியவர் கணக்காக மாற்றும்வரை அதில் எதையும் செய்ய முடியாது. `கேட்காமல் தொடக் கூடாது' என்ற விதியை இப்போதுதான் எழுதிய வீட்டில், முதல் முதலீட்டிலேயே மறுபடியும் சாவி அப்பா கைக்குப் போவது அம்மாவுக்குச் சரியாகப் படவில்லை.

அதனால், ஒரு சனிக்கிழமை மகளைத் தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். 10 வயது தாண்டிய பிள்ளைகள் அங்கே தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். அதற்கு 500 ரூபாய் வேண்டும். அதை ஆச்சி கொடுத்தார். அந்த 500 எப்போதும் கணக்கில் இருக்க வேண்டும் என்றும், குறைந்தால் வருடக் கடைசியில் 50 ரூபாய் பிடிப்பார்கள் என்றும் கவுன்ட்டரில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அடுத்து, 1,000 ரூபாயை எதில் போடுவது? மாதம் 100 ரூபாய் கட்டும் ஆர்.டி இருக்கிறது. ஆனால், அது ஐந்து வருடம். மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது. அதன்பிறகு இடையில் மூடினாலும் சேமிப்புக் கணக்கின் 4% வட்டிதான் கிடைக்கும். பதினேழு வாரத்துக்கே முகம் வாடியவளுக்கு ஐந்து வருடம் சரிப்படாது. ஒரு வருட டைம் டெபாசிட் குறைந்தது 1,000 ரூபாயிலிருந்து போடலாம். அவர்கள் போட்டபோது வட்டி 6.9%. இந்த வட்டியை மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கும். ஆனால், போட்ட அன்று இருந்த வட்டி அந்த டெபாசிட்டுக்குக் கடைசிவரை மாறாது. ஆறு மாதத்துக்கு முன் எடுக்க முடியாது. அதற்கு மேல், வருடம் முடிவதற்குள் எடுத்தால் சேமிப்புக் கணக்கின் வட்டிதான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டார்கள். காலாண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்த்துக் கணக்கிடுவதால், வருட முடிவில் ஏறத்தாழ 71 ரூபாய் வரும். மகளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ``ஒரு வருஷத்துக்கு எழுபத்தொண்ணா? அப்பா பதினேழு நாளைக்கே இருவது குடுத்தாங்க!''

அம்மா சிரித்துவிட்டார். ``அப்பா மாதிரி வட்டி குடுக்கிறவங்ககிட்டதான் உஷாரா இருக்கணும். பதினேழு நாளைக்கு 600-க்கு 20 ரூபான்னா, வருஷத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்குப் போடு.'' போட்டாள். 600 ரூபாய்க்கு வருடத்துக்குச் சுமார் 430 ரூபாய்; 70 சதவிகிதத்துக்கும் மேல். ``இவ்ளோ வட்டி தர்றேன்னு ஊர்ல யாராவது சொன்னா, முதலே திரும்பாதுன்னு அர்த்தம். அப்பா உன்மேல உள்ள பாசத்துல குடுத்தாரு. மத்தவங்க எதுக்குக் குடுக்கப் போறாங்க?'' என்றார் அம்மா. ஃபைனான்ஸ் கம்பெனிகளில் பணத்தைப் போட்டுத் தொலைத்த தெருக்காரர்கள் கதை மகளுக்கும் தெரியும்.

மாமா சொன்னதையும் அவர்கள் முழுக்க ஒதுக்கவில்லை. ஞாயிறுதோறும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், 50 பெரிய நிறுவனங்களின் பங்குகளை வைத்துக் கணக்கிடப்படும் நிஃப்டி 50 குறியீட்டு எண்ணைக் குறித்தாள் மகள். அந்த 1,000 ரூபாயை அதில் போட்டிருந்தால் இன்று எவ்வளவு இருக்கும் என்று பக்கத்தில் எழுதினாள். சில வாரம் ஏறியது. சில வாரம் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இறங்கிய வாரங்களில், ``நல்லவேளை, போடல'' என்றாள். ஏறியபோது, ``போட்டிருக்கலாமோ?'' என்றாள். ஒரு ரூபாய் போகாமல் அவள் அந்த இரண்டையும் பார்த்துவிட்டாள்.

வருடம் முடிந்து டெபாசிட் முதிர்ந்தபோது கணக்கில் வந்தது 1,071 ரூபாய். அதே கடையில், பேட் வாங்கிய அன்று அவள் ஆசையாகப் பார்த்து வைத்த ஷூவின் விலை 990 ரூபாய். இப்போது அது 1,050. பாட்டிலிலேயே வைத்திருந்தால் அந்த 1,000 ரூபாய்க்கு ஷூ கிடைத்திருக்காது. எழுபத்தொரு ரூபாய் எதற்கு என்று ஒரு வருடத்துக்கு முன் கேட்டதற்கு, அந்த விலைச்சீட்டில் பதில் இருந்தது.

ஷூ வாங்கவில்லை. பழைய ஷூவே இன்னும் ஆறு மாதம் தாங்கும் என்றாள். 1,000 ரூபாயை மறுபடியும் ஒரு வருடத்துக்குப் போட்டுவிட்டு, 71 ரூபாயில் ஆச்சிக்குப் பிடித்த அல்வா கால் கிலோ வாங்கிவர முடியுமா என்று கேட்டாள். காசு கொஞ்சம் பத்தவில்லை. மீதியை முதல் பாட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

போன மாதம், ஒர்க்‌ஷாப்பில் மறுபடியும் ஒரு நெருக்கடி. அப்பா வீட்டுக்கு வந்து மகளின் அறை வாசலில் நின்றார். ``மக்கா, ஒரு ஐநூறு ரூவா இருக்குமா?''

அவள் எழுந்து போய் நோட்டை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

``என்னைக்குத் தருவீங்கப்பா?''

``சனிக்கிழமை.''

தேதியை எழுதி, கையெழுத்துப் போட நோட்டைத் திருப்பி நீட்டினாள். அப்பா போட்டார். அதன்பிறகுதான் அலமாரிச் சாவி வெளியே வந்தது. சனிக்கிழமை மாலை, கைகூடக் கழுவாமல் கிரீஸ் விரல்களோடு வந்து 500 ரூபாயைக் கொடுத்தார் அப்பா. நோட்டில் அந்த வரியை அடித்தபோது, பக்கத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகையும் பதிந்தது.